கல்லடி மணலில் நிலக்கீழ்த் தளம்: தண்ணி வருமா என்பதற்கு முன், கட்டடம் மிதக்குமா?

கேள்வி: "கல்லடியில் 14 பேர்ச் காணி, முன்பக்கம் 40 அடி, நீளம் 95 அடி. கீழே கடை, மேலே வீடு என்று கட்டப் போறம். 9 அடி தோண்டி பேஸ்மென்ட் போட்டா வாகனமும் விடலாம், கடைச் சாமானும் வைக்கலாம் எண்டு நினைக்கிறம். கோடையில கிணத்தில தண்ணி 6, 7 அடியில நிக்கும், மாரியில ஒன்றரை அடிக்கு வந்திரும். செய்யலாமா? ரேம்ப், காத்தோட்டம், தண்ணி கசியாமப் பாக்கிறது எல்லாம் எப்படி?"

9 அடி வேண்டாம். 4 அடி மட்டும் இறக்கி, கடைத் தளத்தைத் தெருவிலிருந்து 5 அடி உயர்த்துங்கள். இந்த அரைப் பேஸ்மென்ட் உங்கள் காணியில் நிற்கும். 9 அடித் தளம் இரண்டு காரணங்களால் நிற்காது: அது மிதக்கப் பார்க்கும், ரேம்ப் காணிக்குள் அடங்காது. இரண்டையும் கணக்குப் போட்டே காட்டலாம்.

முதலில் தண்ணீர் மட்டம். கோடையில் பார்த்த 6, 7 அடியை மறந்துவிடுங்கள். கல்லடி மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல் திட்டு. மழை பெய்தால் நிலத்தடி நீர் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். மணல் மூடி முகத்துவாரம் அடைபட்டுக் கிடக்கும்போது வாவி மட்டம் ஏறும், அதோடு சேர்ந்து நிலத்தடி நீரும் ஏறும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். 2011 ஜனவரி வெள்ளத்தில் உங்கள் ஒழுங்கையில் தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது என்று அயலில் உள்ள வயதானவர்களிடம் கேளுங்கள். அந்த அடையாளத்துக்கும் தெரு மட்டத்துக்கும் எது உயரமோ அதுதான் கணக்குக்குரிய நீர் மட்டம். கீழே தெரு மட்டத்தையே எடுத்திருக்கிறேன். உங்கள் வெள்ள அடையாளம் அதைவிட மேலே இருந்தால் எல்லா எண்களையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும்.

இனி மிதப்பு. தண்ணீருக்குள் ஒரு மீற்றர் ஆழத்தில் இருக்கிற சிலாப்பைத் தண்ணீர் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் ஒரு தொன் வீதம் மேலே தள்ளும். இரண்டு மீற்றர் என்றால் இரண்டு தொன். ஒரு வெறும் தோணியை நினைத்துக்கொண்டால் போதும். நீர் புகாத அடிச் சிலாப்பும் சுவரும் சேர்ந்தால் அது தோணிதான். அதைக் கீழே பிடித்து வைப்பது அதன் சொந்தப் பாரமும் மேலே ஏற்றிய தளங்களின் பாரமும் மட்டுமே. வாகனம், கடைச் சாமான், மனிதர் எதையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வெள்ளம் வருகிற நாளில் அவை அங்கே இல்லாமல் போகலாம்.

பேஸ்மென்ட் 10 மீற்றர் அகலம், 20 மீற்றர் நீளம், அடிச் சிலாப் 400 மில்லிமீற்றர் தடிப்பு என்று வைப்போம். 9 அடி என்பது 2.7 மீற்றர். சிலாப்பின் அடிப்பகுதி 3.1 மீற்றர் ஆழத்தில் இருக்கும், ஆகவே மேல்நோக்கிய தள்ளல் சதுர மீற்றருக்கு 3.1 தொன். எதிர்ப்பக்கம் பாருங்கள். அடிச் சிலாப் ஏறக்குறைய 1 தொன். சுற்றுச் சுவரைத் தளம் முழுவதற்கும் பரப்பிப் பார்த்தால் 0.65 தொன். கடைத் தளமும் வீட்டுத் தளமும் பீம்களோடு தலா 0.6 தொன். மொத்தம் 2.85 தொன். இரண்டு தளமும் கட்டி முடித்த பிறகும் கட்டடத்தின் பாரம் தள்ளலைவிடக் குறைவு. குறைந்தது தள்ளலின் 1.1 மடங்கு பாரமாவது இருக்க வேண்டும், 1.2 மடங்கு இருந்தால்தான் நிம்மதி. அடிச் சிலாப்பைச் சுவருக்கு வெளியே இரண்டு அடி நீட்டி, அதன் மேல் மணலை ஏற்றிப் பிடிக்க வைக்கலாம். அதுகூடக் கட்டடத்தை 1.1 மடங்குக்குத்தான் கொண்டுவரும். அந்த இரண்டு அடியும் சுற்றிவர உங்கள் காணிக்குள்ளேயே வேண்டும்.

அரைப் பேஸ்மென்டைப் பாருங்கள். தரை 1.2 மீற்றர் கீழே, சிலாப்பின் அடி 1.6 மீற்றர் ஆழத்தில். தள்ளல் 1.6 தொன். அடிச் சிலாப் 1 தொன், உயரம் குறைந்த சுவர் 0.4 தொன், கடைத் தளம் 0.6 தொன், ஆக 2 தொன். கடைத் தளத்தைப் போட்டவுடனேயே 1.25 மடங்கு வந்துவிடுகிறது. வீட்டுத் தளம் ஏறியதும் கவலையே இல்லை.

ஆனால் நடுவில் ஒரு பொறி இருக்கிறது. அடிச் சிலாப்பும் சுவரும் மட்டும் முடிந்து, கடைத் தளம் போடாத கட்டத்தில் பாரம் 1.4 தொன்தான். அப்போது மழை வந்து தண்ணீர் தெரு மட்டத்துக்கு ஏறினால் 1.6 தொன் தள்ளல் வென்றுவிடும். பேஸ்மென்ட் ஒரு பக்கமாகத் தூக்கிச் சரியும், தண்ணீர் இறங்கினாலும் கீழே மணல் புகுந்திருப்பதால் பழைய இடத்துக்குத் திரும்பாது. அப்படி ஒரு நிலை வந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பேஸ்மென்டுக்குள் நீங்களே தண்ணீரை விட்டு நிரப்புங்கள். உள்ளே நிற்கிற ஒவ்வொரு அடித் தண்ணீரும் தள்ளலில் அதே அளவைக் கழித்துவிடும். சிலாப் போடும்போதே நாலைந்து இடத்தில் நான்கு அங்குலக் குழாயை நிறுத்தி, கடைத் தளம் முடியும் வரை திறந்து வைத்தால் இந்த வேலை தானாகவே நடக்கும். பிறகு அந்தக் குழாய்களைச் சுருங்காத கிரவுட்டால் அடைத்து, மேலே தகடு போட்டு மூட வேண்டும்.

இதிலிருந்து வேலைக் கலண்டரும் தெளிவாகிறது. சித்திரை வருடப் பிறப்பு முடிந்து வேலையாட்கள் திரும்பியதும் தோண்டத் தொடங்கி, செப்டெம்பர் முடிவதற்குள் கடைத் தளத்தைப் போட்டு முடிக்க வேண்டும். ஒக்டோபரில் மழை பிடிக்கும். ஜூலை கடந்தும் தோண்டும் வேலை தொடங்கவில்லை என்றால் அந்த வருடம் விட்டுவிட்டு அடுத்த வருடம் தொடங்குவது மலிவு.

தோண்டுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மணலில் குழி தோண்டி, நடுவில் ஒரு பள்ளம் வைத்துப் பம்ப் போட்டு இறைப்பது இங்கே எல்லோரும் செய்கிற முறை. தண்ணீர் குழியின் அடியிலிருந்து மேலே வரும்போது மணலையும் கொண்டுவரும். தரை கொதிப்பது போலக் குமிழியிட்டால், பம்பிலிருந்து வெளியேறும் தண்ணீர் மணலோடு கலங்கி வந்தால், உடனே நிறுத்துங்கள். அந்த மணல் பக்கத்து வீட்டு மதிலின் அடியிலிருந்து வருகிறது. சரியான முறை வெல்பொயின்ட். குழியைச் சுற்றி ஒன்றரை மீற்றருக்கு ஒன்றாக நுனியில் வடிகட்டி உள்ள இரண்டு அங்குலக் குழாய்களை இறக்கி, எல்லாவற்றையும் ஒரு தலைக் குழாயில் இணைத்து, வெற்றிடப் பம்பால் இழுப்பது. தண்ணீர் தெளிவாக வர வேண்டும், குழியின் அடி நடந்து போகிற அளவுக்கு உலர்ந்து நிற்க வேண்டும். அதோடு அயலவர் மதிலிலும் சுவரிலும் இருக்கிற வெடிப்புகளை வேலை தொடங்கும் முன் திகதியோடு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வழக்கு வந்தாலும் வராவிட்டாலும், அயல் உறவு கெடாமல் இருக்க அது உதவும்.

இப்போது ரேம்ப். காருக்கு வசதியான சரிவு எட்டுக்கு ஒன்று, அதாவது 8 மீற்றர் போனால் 1 மீற்றர் இறங்குவது. ஆறுக்கு ஒன்று என்பது கடைசி எல்லை, அதையும் மழையில் நனையாத ரேம்பில்தான் வைக்கலாம். மேல் முனையிலும் கீழ் முனையிலும் மூன்று மீற்றர் நீளத்துக்குச் சரிவைப் பாதியாக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே காரின் வயிறு தட்டும், கீழே முன் பம்பர் உரசும். எல்லாவற்றையும்விட முக்கியம், ரேம்ப் தெருவிலிருந்து நேரே இறங்கக் கூடாது. முதலில் 0.3 மீற்றர் ஏறி, ஒன்றரை மீற்றர் சமமாக ஓடி, அதன் பிறகுதான் இறங்க வேண்டும். ஒழுங்கையில் நிற்கிற வெள்ளத்தை இந்த மேடுதான் தடுக்கும். ஏறுவதற்கு 2.5 மீற்றர், சமதளம் 1.5 மீற்றர், ஆக வாசலில் மட்டும் 4 மீற்றர் போய்விடும்.

9 அடித் தளத்துக்கு மேட்டிலிருந்து இறங்க வேண்டியது 3 மீற்றர். இரு முனைகளிலும் பாதிச் சரிவில் 0.375 மீற்றர் இறங்கிவிடும், மிச்சம் 2.625 மீற்றருக்கு 21 மீற்றர் நீளம். முனைகளோடு 27, வாசலோடு 31 மீற்றர். உங்கள் காணியின் நீளமே 29 மீற்றர்தான். ஆறுக்கு ஒன்று என்று செங்குத்தாக்கினாலும் 25 மீற்றர் வரும், கீழே இறங்கிய கார் திரும்ப 4 மீற்றர்தான் மிஞ்சும். 4 அடித் தளத்துக்கு இறங்க வேண்டியது 1.5 மீற்றர். அதே முறையில் 15 மீற்றர், வாசலோடு 19. பின்னால் 10 மீற்றர் மிஞ்சும், அதில் பின் எல்லையில் விட வேண்டிய இடைவெளியைக் கழித்தாலும் கார் முன்பின் எடுத்துத் திரும்பலாம்.

இங்கேதான் வரைபடத்தில் பலர் பிழை விடுகிறார்கள். ரேம்ப் இறங்குகிற இடத்துக்கு மேலே கடைத் தளம் போட முடியாது. கடைத் தளத்தின் பீம் அடி தெருவிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில்தான் இருக்கும். காருக்கு 2.2 மீற்றர் வேண்டும். ரேம்ப் ஏறக்குறைய அடிக்கு வந்த பிறகுதான் அந்த உயரம் கிடைக்கும். ஆகவே 3.3 மீற்றர் அகலமான ஒரு நீண்ட துண்டு கடைத் தளத்திலிருந்து வெட்டுப்பட்டுப் போகும், அதாவது 40 சதுர மீற்றருக்கு மேல். கடையின் வாடகைப் பெறுமதியில் இது எவ்வளவு என்று முதலிலேயே கணக்குப் பாருங்கள். அந்த இடத்தில் மேல் தளத்தின் பாரமும் இல்லாமல் போவதால், அடிச் சிலாப்பை ரேம்பின் கீழும் தொடர விட்டு, சிலாப்புக்கும் ரேம்புக்கும் நடுவில் மணலை இறுக்கி நிரப்ப வேண்டும். இழந்த தளத்தின் பாரத்தை அந்த மணல் ஈடு செய்யும். ரேம்பின் பக்கச் சுவரையும் மேட்டின் உயரத்துக்கு மேலேயே கொண்டு போங்கள். வாசலில் மேடு வைத்துவிட்டுப் பக்கச் சுவரை நில மட்டத்தில் நிறுத்தினால் வெள்ளம் பக்கத்தால் இறங்கும்.

நீர்க்காப்புக்கு வருவோம். மணலில் தண்ணீர் பக்கவாட்டிலும் அடியிலும் அழுத்தத்தோடு நிற்கும், வடிந்து போகாது. ஆகவே உள்ளே பூசுகிற எதையும் முதல் காப்பாக நம்பாதீர்கள். வெளியிலிருந்து தள்ளுகிற தண்ணீர் உட்பூச்சைச் சுவரிலிருந்து உரித்துத் தள்ளும். ஒரு மாரி தாக்குப்பிடிக்கும், இரண்டாவது மாரியில் பூச்சு பொருக்காகக் கழரும். முதல் காப்பு கொங்கிறீட்டேதான். 35 தரம், சீமெந்தின் எடையில் 0.45 மடங்குக்கு மேல் தண்ணீர் சேராத கலவை, மண்ணைத் தொடும் பக்கம் கம்பிக்கு வெளியே 50 மில்லிமீற்றர் கொங்கிறீட் மூடல். கடலும் வாவியும் இவ்வளவு கிட்ட இருப்பதால் நிலத்தடி நீரில் உப்பு இருக்கும். மூடல் குறைந்தால் கம்பி துருப்பிடித்து, கொங்கிறீட் வெடித்து, தண்ணீர் அந்த வெடிப்பால் வரும். வெடிப்பு அகலம் 0.2 மில்லிமீற்றருக்குள் நிற்கும்படி கம்பியைக் கணக்கிடச் சொல்லி எஞ்சினியரிடம் கேளுங்கள். பாரத்துக்கு மட்டும் கணக்கிட்ட கம்பி இதற்குப் போதாது. இரண்டாவது காப்பு வெளியே ஒட்டுகிற மெம்பிரேன், அதாவது நீர் புகாத விரிப்பு. சிலாப்பின் அடியில் விரிப்பது கொங்கிறீட்டோடு ஒட்டிக்கொள்கிற வகையாக இருக்க வேண்டும். வெறும் பொலித்தீன் விரித்தால் ஒரு இடத்தில் கிழிந்ததும் தண்ணீர் சிலாப்பின் அடி முழுவதும் ஓடி, எங்கோ ஒரு மூலையில் கசியும். ஓட்டையைக் கண்டுபிடிக்கவே முடியாது.

கசிவு பெரும்பாலும் நடுச் சுவரில் வராது, பொருத்துகளில்தான் வரும். அடிச் சிலாப்போடு சேர்த்தே 150 மில்லிமீற்றர் உயரத்துக்குச் சுவரின் தொடக்கத்தைக் கொங்கிறீட் போட்டு, அதன் நடுவில் 200 மில்லிமீற்றர் அகல வோட்டர்ஸ்டொப் பட்டியைப் பாதி புதைத்து, பாதி மேலே நிற்க விட வேண்டும். இந்தப் பட்டியைக் கம்பியில் கட்டி நிமிர்த்தி வைக்காவிட்டால் கொங்கிறீட் விழும்போது மடிந்து படுத்துவிடும், படுத்த பட்டி தண்ணீரை மறிக்காது. கொங்கிறீட் போடும் நாளில் இதைப் பார்க்க மட்டுமே ஒருவர் நிற்க வேண்டும். சுவர்ப் பலகையை இறுக்க ஊடாகப் பிளாஸ்டிக் குழாய் வைக்கிற பழக்கமும் இங்கே உண்டு. பேஸ்மென்டில் அது கூடாது. ஒவ்வொரு குழாயும் வெளியிலிருந்து உள்ளே வருகிற ஒரு வழி. நடுவில் தண்ணீர் தடுக்கும் வளையம் உள்ள கம்பித் தாங்கிகள் வேண்டும்.

பிறகு கசிந்தால் எங்கிருந்து என்று சுவரே சொல்லும். தரையிலிருந்து அரை அடி உயரத்தில் நேர்கோடாக ஈரம் நின்றால் அது அந்தப் பொருத்து. சம இடைவெளியில் புள்ளி புள்ளியாக ஈரமென்றால் பலகைக் குழாய்த் துளைகள். தரை நடுவில் டைல் மேலெழுந்து வெற்றொலி கேட்டால் அடியிலிருந்து தள்ளல். இவற்றுக்குத் துளையிட்டுப் பொலியூரிதேன் ஊசி ஏற்றுவதுதான் வழி, மேலே மீண்டும் பூசுவதல்ல.

ஆனால் எல்லா ஈரமும் கசிவு இல்லை. ஒரு மீற்றர் சதுரமான பொலித்தீன் துண்டைத் தரையில் விரித்து, நான்கு விளிம்பையும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பொலித்தீனின் மேற்பக்கம் நீர்த்துளி இருந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த தரையில் படிகிறது. அடிப்பக்கம் இருந்தால் தண்ணீர் சிலாப்பின் ஊடாக வருகிறது. முதலாவதற்குக் காற்றோட்டமும் இரண்டாவதற்கு நீர்க்காப்பும் வேண்டும். இதைப் பார்க்காமலே இலட்சக்கணக்கில் பூச்சுக்குச் செலவழிக்கிறவர்கள் உண்டு.

காற்றோட்டத்தில்தான் அரைப் பேஸ்மென்டின் பெரிய இலாபம். விசிறி இல்லாமலே வாகனப் புகை வெளியேற, திறப்புகளின் மொத்தப் பரப்பு தரைப் பரப்பில் இருபதில் ஒரு பங்கு வேண்டும், அதுவும் எதிரெதிர்ச் சுவர்களில் பிரிந்து இருக்க வேண்டும். உங்களுக்கு 200 சதுர மீற்றருக்கு 10 சதுர மீற்றர். நீளச் சுவர் ஒவ்வொன்றிலும் அரை மீற்றர் உயரம், மொத்தம் 10 மீற்றர் நீளம் திறந்தால் சரி. திறப்பின் அடி விளிம்பு நிலத்திலிருந்து 0.45 மீற்றர் மேலே இருக்கட்டும், வாசல் மேட்டைவிட உயரமாக. சாய்ந்த பலகைகள் திறப்பைப் பாதியாக்கிவிடும், ஆகவே நேர்க் கம்பி போதும். 9 அடித் தளமென்றால் இந்தத் திறப்புக்கே இடமில்லை. ஒரு மணிக்கு ஆறு தடவை காற்றை மாற்றும் விசிறியும் குழாயும் மின்சாரமும் காலம் முழுவதும் வேண்டியிருக்கும். எரிவாயு சிலிண்டரை மட்டும் இரண்டு வகைத் தளத்திலும் வைக்காதீர்கள். கசிந்த வாயு காற்றைவிடப் பாரம், பள்ளத்தில் தேங்கி நிற்கும், உயரத்தில் உள்ள திறப்பால் வெளியேறாது.

கடைசியாக, திறந்த ரேம்பில் விழுகிற மழை. 50 சதுர மீற்றர் ரேம்பில் மணிக்கு 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 5,000 லீற்றர் கீழே வரும். ரேம்பின் அடியில் குறுக்கே கிறில் போட்ட கான், அதிலிருந்து 3,000 லீற்றர்க் குழி, அதில் மணிக்கு 10,000 லீற்றர் இறைக்கிற அமிழ் பம்ப் இரண்டு: ஒன்று ஓட, ஒன்று காத்திருக்க. பம்ப் நின்றால் அந்தக் குழி 36 நிமிடத்தில் நிரம்பும். அடைமழையில் மின்சாரம் நிற்பது இங்கே வழக்கம், ஆகவே ஜெனரேட்டர் வேண்டும். அதைப் பேஸ்மென்டில் வைக்காமல் கடைத் தளத்திலோ அதற்கு மேலோ வையுங்கள். பம்பின் சுவிட்ச் பெட்டியும் அங்கேதான். வெளியேற்றும் குழாய் தெருக் கானில் விழுவதற்கு முன் வெள்ள மட்டத்துக்கு மேல் ஒரு வளைவு எடுத்து, திரும்பி வராத வால்வோடு இறங்க வேண்டும். இல்லாவிட்டால் கான் நிரம்பிய அன்று பம்ப் நின்றதும் தெருத் தண்ணீர் அதே குழாயால் உள்ளே வரும்.

இத்தனைக்கும் கிடைப்பது மூன்று கார், ஒரு வரிசை மோட்டார் சைக்கிள், பின்னால் ஒரு களஞ்சியம். காருக்காக மட்டும் என்றால் தரை மட்டத்தில் தூண்களின் கீழ் வாகனத்தை விட்டு, கடையை முன்பாதியில் சுருக்குவதுதான் என் தெரிவு. களஞ்சியம் வேண்டுமென்றால் அரைப் பேஸ்மென்ட் பொருந்தும், அங்கேயும் சாமானை ஓர் அடி உயரத் தட்டுகளில் ஏற்றி வையுங்கள். அரிசி, மா, சீமெந்து மூன்றையும் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை மாநகர சபைக்குக் கொடுக்கும் முன், காணி கடலிலிருந்து 300 மீற்றருக்குள் வருகிறதா என்றும் அளந்து பாருங்கள். வந்தால் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதியும் தேவைப்படும். தோண்டி ஆரம்பித்த பிறகு அந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்தால் கோடை போய்விடும்.